ட்ரையர் பெயாரிங் ஹவுசிங் டிரோயிங்: டேட்டம் எங்க வைக்கிறது, எந்த டொலரன்ஸ் போடுறது?

மலைச்சாரல்_டிராஃப்ட் (தலவாக்கலை பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். தேயிலை ஸ்டோர்ல மெயின்டனன்ஸ் பக்கம் டிரோயிங் வேலை பாக்கிறேன். பழைய ட்ரையர் ஒன்னுல ட்ரே செயினை இழுக்கிற ஷாஃப்ட்டுக்கு ஒரு பக்கத்து பெயாரிங் ஹவுசிங் வெடிச்சுப் போச்சு, வெல்ட் வச்சு ஓட்டிக்கிட்டு இருக்காங்க, அது எத்தனை நாளைக்கு தாங்கும்னு தெரியல. புதுசா கடையணும். வார்ப்பு இரும்பு, வட்ட ஃப்ளேஞ்ச், சுவர்ப்பக்கம் 80 விட்டத்துல 5 மிமீ நீட்டிக்கிட்டு இருக்கிற ஸ்பிகொட், அது மெஷின் சுவர்ல இருக்கிற ஓட்டைக்குள்ள உக்காரும். வெளிப்பக்கம் 6206 பெயாரிங்குக்கு 62 போர், உள்ள ஒரு தோள். ஃப்ளேஞ்ச்ல 100 பிசிடியில நாலு போல்ட் ஓட்டை, M8.

டிரோயிங் போட்டு கம்பளையில ஒரு வேர்க்ஷொப்புக்கு அனுப்பினேன், அவங்க கடையாமலே திருப்பி அனுப்பிட்டாங்க. "எதை வச்சு எதை அளக்கணும்னு இதுல இல்ல, ஸ்பிகொட்டுக்கும் போருக்கும் என்ன சம்பந்தம்னு எழுதுங்க"ன்னு ஒரே வரி. எல்லா அளவும் போட்டிருக்கேன், 62க்கு H7ம் போட்டிருக்கேன். வேற என்ன வேணும்? டேட்டம் போடணும்னு விளங்குது, ஆனா எந்த முகத்துக்கு A, எதுக்கு B, எவ்வளவு நம்பர்னு முடிவு பண்ண முடியல. எங்க ஸ்டோர்ல கேக்கிறதுக்கு ஆள் இல்ல.

கேட்_கைவரிசை

அக்கா இது ஈஸி. ஆட்டோகேட்ல `TOLERANCE` கமாண்ட் அடிச்சா பொட்டி வரும், சிம்பல் செலக்ட் பண்ணி வைங்க. அம்புக்குறியோட வேணும்னா `QLEADER` போய் செட்டிங்ஸ்ல டொலரன்ஸ் டிக் பண்ணுங்க. பிளஸ் மைனஸ் அளவுக்கு `DIMTOL` ஒன் பண்ணிட்டு `DIMTP`, `DIMTM` குடுக்கணும், `DIMTM`க்கு மைனஸ் குறி போடாம வெறும் நம்பர் அடிங்க, அதுவே மைனஸ் போட்டுக்கும், நிறைய பேர் அதுல தான் மாட்டுவாங்க.

மலைச்சாரல்_டிராஃப்ட்

நன்றி தம்பி, பொட்டி வைக்கத் தெரியும். பொட்டிக்குள்ள என்ன எழுதுறதுன்னு தான் கேக்கிறேன்.

பதுளை_ஃபிட்டர்

என்னைக் கேட்டா எல்லாத்துக்கும் ±0.02 போட்டு அனுப்பிடுங்க தங்கச்சி. லூசா போட்டா பட்டறைக்காரங்க அதைவிட லூசா கடைவாங்க. அதோட 62க்கும் 80க்கும் நடுக்கோட்டு மேல டேட்டம் முக்கோணத்தை வச்சு கொன்சென்ட்ரிசிட்டி 0.01னு ஒரு பொட்டி. முடிஞ்சுது.

லேத்பட்டறை_கம்பளை

இந்த டிரோயிங்கை திருப்பி அனுப்பினது நம்ம பட்டறை இல்ல, ஆனா நான் இருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்.

பதுளை அண்ணே, ஒரு விஷயம் சரி, ரெண்டு விட்டத்துக்கும் சம்பந்தம் எழுதணும்னு நீங்க சொன்னது. மத்தது ரெண்டும் எங்களுக்கு தலைவலி. எல்லாத்துக்கும் ±0.02ன்னா ஃப்ளேஞ்சோட வெளி விட்டம், காத்துல நிக்கிற ஒரு இடம், அதுக்கும் மைக்ரோமீட்டர் புடிக்கணும். காசு ரெண்டு மடங்கு கேப்போம், இல்லாட்டி எது உண்மையிலயே முக்கியம்னு நாங்களா ஊகிச்சு மத்ததை கண்டுக்காம விடுவோம், பெரும்பாலும் ரெண்டாவது தான் நடக்கும். நடுக்கோட்டு மேல டேட்டம் வச்சா எந்த விட்டத்தோட நடுவுன்னு எப்பிடி எடுக்கிறது? அதே கோட்டுல 62ம் இருக்கு, 80ம் இருக்கு, ஹப்போட வெளி விட்டமும் இருக்கு. முக்கோணத்தை 80ங்கிற அளவுக்கோட்டுக்கு நேரா ஒட்டி வைக்கணும், அப்பத்தான் 80ஓட அச்சுன்னு அர்த்தம். அளவுக்கோட்டை விட்டுத் தள்ளி வச்சா அந்த மேற்பரப்புன்னு ஆயிடும். சின்ன இடம் தான், ஆனா வேலையே மாறிப் போகும்.

அக்கா, இதுல எங்களுக்கு இன்னொரு கஷ்டம் இருக்கு, நீங்க யோசிச்சீங்களா தெரியல. ஸ்பிகொட் ஒரு பக்கம், போர் எதிர்ப்பக்கம், நடுவுல தோள். ஒரே புடியில ரெண்டையும் கடைய ஏலாது. ஒரு பக்கம் முடிச்சு திருப்பிப் புடிக்கணும், மூணு தாடை சக்குல திருப்பிப் புடிச்சா நூறுல அஞ்சு பத்துன்னு ஓடத்தான் செய்யும். 0.01 கேட்டா நான் செஞ்சு தாறேன்னு வாய்ல சொல்ல மாட்டேன்.

வெர்னியர்_வாத்தியார் (நாவலப்பிட்டி)

தங்கச்சி, முதல்ல இதை வேர்க்ஷொப் எப்பிடிப் புடிக்கும்னு யோசிக்காதீங்க, மெஷின்ல இது எப்பிடி உக்காருதுன்னு பாருங்க, டேட்டம் அங்கிருந்து தானா வரும். போல்ட்டை முறுக்கும்போது ஃப்ளேஞ்சோட முகம் சுவர்ல போய் அமருது. இந்த சாமான் எந்தப் பக்கமும் சாயாம நிக்கிறதுக்கு காரணம் அந்த முகம் தான். ஸ்பிகொட் 5 மிமீ தான் நீளம், அவ்வளவு குட்டை சாமானால சாய்வைப் புடிச்சு வைக்க முடியாது, அது செய்யிறது நடுவுக்கு கொண்டு வர்ற வேலை மட்டும். அதனால முகம் A, ஸ்பிகொட் B. ஸ்பிகொட்டை A ஆக்கினீங்கன்னா அந்த 5 மிமீயை வச்சு அச்சு நேரா இருக்கான்னு சோதிக்கச் சொல்றீங்க, அளக்கிற ஆளுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வரும்.

அடுத்தது நம்பர். அதை பெயாரிங் கிட்ட கேக்கணும். உங்க ரெண்டு ஹவுசிங்குக்கும் நடுவுல ஷாஃப்ட் எவ்வளவு தூரம்?

மலைச்சாரல்_டிராஃப்ட்

900 மிமீ கிட்ட அண்ணே. ஷாஃப்ட்டு 30, பெயாரிங்கோட சேத்து முன்னாடியே மாத்தினது, நல்லா இருக்கு.

வெர்னியர்_வாத்தியார்

சரி, அப்ப பாருங்க. 6206 மாதிரி சாதாரண ஆழப்பள்ள பெயாரிங்குல உள் வளையமும் வெளி வளையமும் ஒன்னுக்கொன்னு எவ்வளவு சாயலாம்னா கோணத்துல 2 நிமிஷத்துல இருந்து 10 நிமிஷம் வரைக்கும், உள்ள இருக்கிற கிளியரன்ஸையும் லோடையும் பொறுத்து. ஒரு பாகையில 60 நிமிஷம், ஞாபகம் வச்சுக்கங்க, அவ்வளவு சின்னது.

இப்ப உங்க போர் நடுவு ஸ்பிகொட் நடுவுல இருந்து 0.1 விலகிப் போச்சுன்னு வைங்க. 900 தூரத்துல ஒரு முனை 0.1 தள்ளியிருந்தா ஷாஃப்ட் சாயிறது அரை நிமிஷம் கூட இல்ல. பெயாரிங்குக்கு அது தெரியவே தெரியாது, செயினுக்கும் அப்பிடித்தான்.

ஆனா போர் சாய்ஞ்சு விழுந்தா கதை வேற. உங்க போர் ஆழம் எவ்வளவு, 22ஆ? 22 மிமீ ஆழத்துல அச்சு 0.1 சாய்ஞ்சா அது 15 நிமிஷத்துக்கு மேல. பெயாரிங் சூடேறும், கிரீஸ் கறுக்கும், கழட்டிப் பாத்தா குண்டு ஓடின தடம் வெளி வளையத்துல ஒரு பக்கம் மேலயும் எதிர்ப்பக்கம் கீழயும் சரிஞ்சு போயிருக்கும். அந்தத் தடத்தைக் கண்டா சாய்வுன்னு அடிச்சுச் சொல்லலாம்.

அதனால உங்களுக்கு இறுக்கமா வேண்டியது சாய்வு, இடத்துக்கு தாராளமா விட்டுடலாம். ரெண்டையும் ஒரே நம்பர்ல கேக்காம பிரிச்சு எழுதுங்க:

```
⌀62 H7 (+0.030 / 0)
⌖ | ⌀0.1  | A | B
⊥ | ⌀0.02 | A
```

மேல உள்ளது போர் எங்க இருக்கணும்னு சொல்லுது, கீழ உள்ளது முகத்துக்கு எவ்வளவு செங்குத்தா இருக்கணும்னு. 22க்கு 0.02ன்னா 3 நிமிஷம், பெயாரிங் தாங்கும். H7 சரி தான், வெளி வளையம் சுத்தாம நிக்குது, லோடு ஒரே பக்கம் இழுக்குது, கையால தள்ளினா போற மாதிரி இருந்தா போதும். ஷாஃப்ட் பக்கம் தான் இறுக்கம் வேணும், அங்க k6 இருக்கான்னு மைக்ரோமீட்டர் வச்சுப் பாத்துக்கங்க.

லேத்பட்டறை_கம்பளை

வாத்தியார் அண்ணே, இது எங்களுக்கு கைக்கு எட்டுற கணக்கு. முதல் புடியில முகம் A, ஸ்பிகொட் ரெண்டையும் ஒன்னா கடைஞ்சிருவேன். அப்புறம் ஃபேஸ்ப்ளேட்ல ஒரு தட்டு போட்டு அதை அங்கயே ஒரு தடவை ஸ்கிம் பண்ணி, ஹவுசிங்கோட A முகத்தை அதுல உக்கார வச்சு போல்ட் பண்ணி, ஸ்பிகொட் போறதுக்கு தட்டுல பள்ளம் எடுத்துட்டா செங்குத்து தானா வரும், 0.02 பிரச்சினை இல்ல. நடுவு 0.1க்குள்ள வர்றதுக்கு அந்தப் பள்ளமே காணும்.

ஒன்னு மட்டும் டிரோயிங் பாக்கிற ஆட்கள் கவனிக்கணும், டயல்ல முள்ளு 0.1 ஆடினா நடுவு 0.05 தான் விலகியிருக்கு. ⌀0.1ன்னு போட்டதும் அதே கணக்கு தான், சுத்திவர 0.05. போன வருஷம் ஒரு இடத்துல டயல் 0.08 ஆடினதுக்கே ரிஜெக்ட்னு சொல்லி வாக்குவாதம், டிரோயிங்ல ⌀0.1 தான் இருந்துச்சு.

பதுளை_ஃபிட்டர்

நான் சொன்ன 0.01 கூடுதல் தான், ஒத்துக்கிறேன். ஆனா இன்னொன்னு கேக்கிறேன், போரை சுவர்ப்பக்கம் இருந்தே எடுத்தா என்ன? ஸ்பிகொட், முகம், போர் எல்லாம் ஒரே புடியில முடிஞ்சிரும், தட்டும் வேணாம் ஒன்னும் வேணாம்.

மலைச்சாரல்_டிராஃப்ட்

அப்பிடி செஞ்சா பெயாரிங் மாத்த ஹவுசிங்கையே கழட்டணும் அண்ணே. இப்ப வெளிப்பக்கத்து மூடியைக் கழட்டினா பெயாரிங் கைக்கு வருது. கொழுந்து கூடுற காலத்துல ட்ரையரை நிப்பாட்டி வைக்க விட மாட்டாங்க.

பதுளை_ஃபிட்டர்

அப்ப போரை நேரா துளைச்சு விட்டு தோளுக்குப் பதிலா உள்ள சர்க்ளிப் போடலாமே.

லேத்பட்டறை_கம்பளை

போடலாம், கடையிறதுக்கு எனக்கு ரொம்ப வசதி. ஆனா ட்ரையர் தூசும் சூடும் இருக்கிற இடத்துல உள் பக்கத்து சர்க்ளிப்பை அஞ்சு வருஷம் கழிச்சு கழட்டுற ஆளை நினைச்சா எனக்கு மனசு வராது. சில பேர் போடுவாங்க, நல்லாவும் ஓடுது.

மஸ்கெலியா_இன்ஜினியர்_பையன்

நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும். எங்க ஸ்டோர்லயும் இதே மாதிரி ஒரு ட்ரையர், அதுல போன மாசம் ஒரு கவர் கடைஞ்சு வந்தது உக்காரவே இல்ல. டிரோயிங் மிமீல, மெஷின் இஞ்சில. பழைய ட்ரையர் எல்லாம் வெள்ளக்காரன் காலத்து இஞ்சு மெஷின் தானே. அக்கா உங்க 80, 100 ரெண்டும் சுவர்ல நீங்களே அளந்ததா, இல்ல பழைய பேப்பர்ல இருந்ததா?

மலைச்சாரல்_டிராஃப்ட்

பழைய ஸ்கெட்ச்ல இருந்தது, யார் போட்டதுன்னு தெரியல. ஹவுசிங் இப்ப மெஷின்லயே இருக்கு. ஞாயிறு ட்ரையர் நிக்கும், கழட்டிப் பாத்துட்டு வாறேன்.

வெர்னியர்_வாத்தியார்

நல்ல கேள்வி தம்பி. தங்கச்சி, சுவர் ஓட்டையை டெலஸ்கோப்பிக் கேஜ் போட்டு மைக்ரோமீட்டர்ல எடுங்க, மேல கீழ ஒன்னு, பக்கவாட்டுல ஒன்னு, சாய்வா ஒன்னு, அது நீள்வட்டமா போயிருக்கும். பிசிடிக்கு எதிரெதிர் ஓட்டைகள்ல நல்ல போல்ட் ரெண்டு பூட்டி, வெளி விளிம்புல இருந்து வெளி விளிம்பு வரைக்கும் வெர்னியர்ல அளந்து ஒரு போல்ட்டோட விட்டத்தைக் கழிங்க. ரெண்டு ஜோடியும் எடுங்க.

அதுக்குள்ள போல்ட் ஓட்டை கணக்கைச் சொல்றேன். சுவர்ல மரை இருக்கு, அதனால போல்ட் அங்க அசையாது, ஃப்ளேஞ்ச் ஓட்டைக்குள்ள இருக்கிற இடைவெளி மட்டும் தான் விளையாட்டு. ஓட்டை 9, போல்ட் 8, மிச்சம் 1. அந்த 1ஐ சுவரும் ஃப்ளேஞ்சும் பாதி பாதியா பங்கு போட்டுக்கணும், ஆளுக்கு 0.5.

```
4 x ⌀9 (+0.2 / 0)
⌖ | ⌀0.5 | A | B
```

9க்கு பக்கத்துல +0.2 / 0ன்னு தனியா போட்டிருக்கிறதை விட்டுடாதீங்க. வெறும் 9ன்னு எழுதி பொது டொலரன்ஸுக்கு விட்டா ஐஎஸ்ஓ 2768 நடுத்தர வகுப்புல அது ±0.2, அப்ப 8.8 ஓட்டையும் சரியான சாமான் தான், ஆனா உங்க 1 மிமீ 0.8 ஆகி கணக்கு கெட்டுப் போகும்.

பதுளை_ஃபிட்டர்

எக்ஸ் வையில ±0.25 போட்டாலும் அதே தானே வாத்தியார்? அதுவும் 0.5 தானே.

வெர்னியர்_வாத்தியார்

இல்ல அண்ணே. ±0.25 எக்ஸ் வையின்னா அது சதுரம், மூலையில நடுவு 0.35 தள்ளிப் போகலாம், போல்ட்டுக்கு அனுமதி எந்தத் திசையிலயும் 0.25 தான். சதுரத்தை அந்த வட்டத்துக்குள்ள அடக்கணும்னா ±0.17க்கு இறங்கணும், அப்ப நல்ல சாமானையும் வீணா தூக்கிப் போடுவீங்க.

லேத்பட்டறை_கம்பளை

அக்கா போய் அளக்கிற நேரத்துல நீள அளவையும் பாத்துருவோம். நீங்க போட்டிருக்கிற படத்துல A முகத்துல இருந்து வெளி முகம் 30, வெளி முகத்துல இருந்து தோள் 22ன்னு சங்கிலியா போகுது. ரெண்டுக்கும் பொது டொலரன்ஸ் ±0.2. பெயாரிங் எங்க நிக்கும்கிறதை முடிவு பண்ணுறது தோள், அது A முகத்துல இருந்து 8ல இருக்கணும், ஆனா இந்த ரெண்டும் சேந்து அந்த 8 ±0.4 ஆயிடுது, எங்கயும் எழுதாமலே. 8 ±0.1ன்னு A முகத்துல இருந்து நேரா போடுங்க, 30 அப்பிடியே இருக்கட்டும், 22ஐ எடுத்துடுங்க, இல்லாட்டி அடைப்புக்குள்ள வச்சு தகவலுக்கு மட்டும்னு விடுங்க. அளக்கிறது எங்களுக்கு கொஞ்சம் சுத்து வழி, டெப்த் மைக்ரோமீட்டர் வெளி முகத்துல தான் உக்காரும், அந்த 30ஐ உண்மையா எவ்வளவு வந்திருக்குன்னு அளந்து கழிச்சுக்குவோம். அது எங்க வேலை.

அப்புறம் டைட்டில் ப்ளொக். உங்க படத்துல ஸ்டோர் பேரும் தேதியும் மட்டும் தான் இருக்கு. நான் டிரோயிங்கை கையில எடுத்ததும் பாக்கிறது மெட்டீரியல். "வார்ப்பு இரும்பு"ன்னு மட்டும் இருந்தா எந்தத் துண்டு கிடைக்குதோ அதைப் போடுவாங்க, கிரே காஸ்ட் அயன், கிரேட் 200ன்னு எழுதுங்க. அடுத்தது ப்ரொஜெக்ஷன் குறி, அந்த வெட்டின கூம்பு படம். நம்ம ஊர்ல ஃபர்ஸ்ட் ஆங்கிள் தான் பழக்கம், ஆனா இன்டர்நெட்ல இருந்து வர்ற டெம்ப்ளேட் நிறைய தேர்ட் ஆங்கிள். குறி இல்லாம வந்த ஒரு கவர்ல கிரீஸ் நிப்பிள் ஓட்டை எதிர்ப்பக்கம் துளைச்சு, மெஷின்ல பூட்டினா கிரீஸ் கன் போகவே இடமில்லாம போச்சு, அது எங்க பட்டறையில நடந்தது.

மஸ்கெலியா_இன்ஜினியர்_பையன்

ரிவிஷன் எழுத்தும் வேணும். டிரோயிங்கை வட்ஸ்அப்ல ஃபோட்டோ எடுத்து அனுப்புறாங்க, திருத்தின பிறகும் பட்டறைக்காரர் ஃபோன்ல பழசு தான் மேல கிடக்கும். நம்பரும் ரிவிஷனும் பெரிய எழுத்துல கீழ மூலையில இருந்தா, "B படம் தானே கையில இருக்கு"ன்னு ஒரு கோல் அடிச்சு கேட்டுக்கலாம்.

வெர்னியர்_வாத்தியார்

டைட்டில் ப்ளொக்குக்கு மேல இந்த நாலு வரியைப் போடுங்க, அதுக்கு மேல கட்டுரை எழுத வேணாம்:

```
அளவுகள் மிமீல். படத்தில் அளந்து எடுக்க வேண்டாம்.
குறிக்காத அளவுகளுக்கு: ISO 2768-m
குறிக்காத ஓரங்கள்: 0.5 x 45°
A முகம், ⌀62, ஸ்பிகொட்: Ra 1.6   மற்ற கடைந்த முகங்கள்: Ra 6.3
```

பழைய டெம்ப்ளேட்கள்ல 2768-mKன்னு இருக்கும். அந்த K வர்ற ரெண்டாம் பாகத்தை 2021ல எடுத்துட்டு ஐஎஸ்ஓ 22081 கொண்டு வந்திருக்காங்க. நம்ம சாமான்ல சாய்வும் இடமும் முக்கியமான எல்லாத்துக்கும் தனிப் பொட்டி போட்டாச்சு, அதனால வெறும் m போதும்.

மலைச்சாரல்_டிராஃப்ட் (ஞாயிறு ராத்திரி)

கழட்டி அளந்துட்டேன். மஸ்கெலியா தம்பி, உங்களுக்கு பெரிய நன்றி. சுவர் ஓட்டை ஒரு பக்கம் 79.40, குறுக்க 79.45. பிசிடிக்கு போல்ட் மேல 109.5, போல்ட் 7.9, அப்ப 101.6. ரெண்டு ஜோடியும் அதே தான் வருது. போல்ட்ல ஒரு M8 நட்டைப் போட்டா ரெண்டு சுத்துல புடிச்சு நின்னுடுது.

மஸ்கெலியா_இன்ஜினியர்_பையன்

அப்ப அச்சு அசல் இஞ்சு அக்கா. ஓட்டை 3⅛ இஞ்சு, அதாவது 79.375, தேய்ஞ்சு கூடியிருக்கு. பிசிடி 4 இஞ்சு, அப்பிடியே 101.6. போல்ட் 5/16 விட்வொர்த், 18 மரை. 100ன்னு துளைச்சிருந்தா ஒவ்வொரு ஓட்டையும் 0.8 உள்ள வந்திருக்கும், 9 ஓட்டைக்குள்ள போல்ட்டுக்கு இருக்கிறது அரை மிமீ தான், ஒன்னு கூட இறங்கியிருக்காது.

வெர்னியர்_வாத்தியார்

ஸ்பிகொட் 80ஆ இருந்திருந்தா சுவருக்குள்ள போகவே போயிருக்காது. ஸ்பிகொட்டை 79.37 / 79.34ன்னு நேரா எல்லை அளவா எழுதுங்க, இதுக்கு h7, g6ன்னு எழுத்து தேட வேணாம், சுவர் தேய்ஞ்சது, அதுக்கு தக்கன தான் நாம கடையிறோம். மிக மோசமா பாத்தா 79.45க்குள்ள 79.34, இடைவெளி 0.11, நடுவு 0.055 தள்ளிப் போகும். போரோட 0.05ஐயும் சேத்தா 0.1 கிட்ட. 900 நீளத்துக்கு நான் மேல சொன்ன அதே அரை நிமிஷத்துக்குள்ள தான் நிக்குது. பிசிடியை 101.6ன்னு கட்டத்துக்குள்ள போட்டு மாத்துங்க, போல்ட் 7.9ன்னா 9 ஓட்டையும் ⌀0.5ம் அப்பிடியே சரி.

பதுளை_ஃபிட்டர்

ஓட்டை நீள்வட்டமா இருக்கே, அதையும் போரிங் பார் கொண்டு போய் மெஷின்லயே சீராக்கிட்டா நல்லதில்லையா?

லேத்பட்டறை_கம்பளை

செலவு எதுக்கு அண்ணே, கணக்கு தான் தாங்குதே. எனக்கு பயம் ஓட்டையில இல்ல, சுவரோட முகத்துல. A முகத்தை நான் எவ்வளவு நேரா கடைஞ்சு குடுத்தாலும் அது போய் அமருற சுவர் பெயின்ட்டும் துருவுமா, போல்ட் ஓட்டை விளிம்பு மேடு தட்டியும் இருந்தா அந்த 0.02 அங்கயே செத்துப் போகும். அக்கா, சுவர் முகம் எப்பிடி இருந்துச்சு?

மலைச்சாரல்_டிராஃப்ட்

கீழ்ப்பக்கம் துரு இருக்கு அண்ணே, பழைய பெயின்ட் திட்டுத் திட்டா இருக்கு. ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வச்சுப் பாத்தேன், கீழ ஒரு ஓட்டைக்கிட்ட 0.05 ஃபீலர் நுழையுது, மத்த இடத்துல இல்ல.

வெர்னியர்_வாத்தியார்

பெயின்ட்டை சுரண்டி, போல்ட் ஓட்டை விளிம்புகளை லேசா சாம்பர் பண்ணி, ஃபைலைப் படுக்க வச்சு மேட்டை மட்டும் எடுங்க. திரும்ப ஃபீலர் போட்டுப் பாருங்க. அப்பவும் நுழைஞ்சா அது ஒரு மூலை பள்ளம், மத்த இடத்துல முகம் அமருதுன்னா எனக்கு பெரிய கவலை இல்ல.

லேத்பட்டறை_கம்பளை

எனக்கு கவலை தான். நாலு போல்ட்டையும் முறுக்கும்போது காஸ்ட் அயன் ஃப்ளேஞ்ச் அந்தப் பள்ளத்துப் பக்கம் இழுபட்டு வளையும், முன்னாடி ஹவுசிங் வெடிச்சதே அந்தக் கீழ் ஓட்டையில இருந்தா ஆரம்பிச்சுதுன்னு ஒரு தடவை பாருங்க.

மலைச்சாரல்_டிராஃப்ட்

வெடிப்பு கீழ் ஓட்டையில இருந்து ஹப் வரைக்கும் தான் ஓடியிருக்கு, இப்பத்தான் ஃபோட்டோவைப் பெருசாக்கிப் பாத்தேன். நாளைக்கு B ரிவிஷன் போட்டு இங்கயே போடுறேன், சுவரை சுத்தம் பண்ணிட்டு ஃபீலர் அளவும் எழுதுறேன், பாத்து சொல்லுங்க.